ஹேஸா, ஹேவா? நீதர்-நார், நன், எவ்ரிஒன் ஓர் ஒப்பீடு

சாவி மேனேஜரிடமும் இல்லை, கிளார்க்குகளிடமும் இல்லை. இதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் "நீதர் த மேனேஜர் நார் த கிளார்க்ஸ்" வரைக்கும் கை தங்குதடையில்லாமல் ஓடும், அடுத்து ஹேஸ் போடுவதா ஹேவ் போடுவதா என்கிற இடத்தில்தான் நின்றுவிடும்.

இங்கே இரண்டு கட்சி உண்டு. வினைக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைப் பார்த்துப் போடு என்பது முதல் கட்சி. கிளார்க்ஸ் பன்மை, அதனால் ஹேவ். பள்ளி இலக்கணப் புத்தகம், போட்டித் தேர்வு எல்லாம் இந்தப் பக்கம். ஆக மொத்தம் ஒரு கூட்டத்தைப் பற்றித்தானே பேசுகிறோம், யார் பக்கத்தில் இருந்தால் என்ன, பன்மையே போடு என்பது அடுத்த கட்சி. பேச்சில் இதை நிறையக் கேட்கலாம்.

மேலே சொன்ன வாக்கியத்தில் இரண்டும் ஹேவ் என்றே சொல்வதால் சண்டை இல்லை. பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்: "நீதர் த கிளார்க்ஸ் நார் த மேனேஜர்". முதல் கட்சி ஹேஸ் என்கிறது, விதிப்படி அதுவே சரி, ஆனால் இத்தனை கிளார்க்குகளைச் சொல்லிவிட்டு ஹேஸ் என்று முடிப்பது காதில் இடறுகிறது. அதனால் நான் எப்போதும் பன்மைப் பெயரைக் கடைசியில் வைத்துவிடுவேன், இரண்டு கட்சிக்கும் நிம்மதி. கேள்வியில் மட்டும் கவனம் வேண்டும், அங்கே வினை முன்னால் வந்துவிடுவதால் பக்கத்துப் பெயரும் மாறிவிடும்: "ஹேஸ் ஐதர் த மேனேஜர் ஆர் த கிளார்க்ஸ் சீன் த கீ?" மேனேஜர்தான் பக்கத்தில், அதனால் ஹேஸ்.

இரண்டு பெயரும் ஒருமையாக இருந்தால்? "ஐதர் ரவி ஆர் கீதா ஹேஸ் த கீ" என்பதில் பெரிதாக வாதம் கிடையாது, சாவி ஒருவரிடம்தான் இருக்கப்போகிறது. நீதர் அப்படி இல்லை, ரவியிடமும் இல்லை, கீதாவிடமும் இல்லை என்று இரண்டு பேரும் மனதில் வந்துவிடுவதால் ஆங்கிலேயர்களே பேச்சில் ஹேவ் என்று நழுவுகிறார்கள். எழுத்தில் ஹேஸ்தான்.

நீயா நானா என்று வந்தால் இன்னும் கஷ்டம். "ஐதர் யூ ஆர் ஐ" என்பதற்கு அப்புறம் பக்கத்து விதிப்படி ஐ-க்கு உரிய 'ஆம்' வர வேண்டும், அப்படி எழுதினால் யாருக்கும் பிடிக்காது. "நீயோ நானோ போகணும்" என்று தமிழில் சொல்லும்போது வேண்டும் என்ற சொல் ஆள் பார்த்து மாறுவதில்லை இல்லையா, ஆங்கிலத்தில் மஸ்ட், வில், ஷுட் எல்லாம் அதே மாதிரிதான். அவற்றில் ஒன்றைப் போட்டுத் தப்பித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நன் விஷயத்தில்தான் வீண் கண்டிப்பு அதிகம். 'ஒன்றுகூட இல்லை' என்றுதானே பொருள், அதனால் ஒருமைதான் என்று பல வாத்தியார்கள் அடித்துச் சொல்வார்கள். உண்மையில் பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே அது பன்மையோடும் வந்துகொண்டிருக்கிறது. ஒருமை மட்டுமே சரி என்பது தவறான எண்ணம் என்று ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி எழுதிய ஃபவுலர் 1926-இலேயே எழுதிவிட்டார். "நன் ஆஃப் த கிளார்க்ஸ்" என்றால் ஹேவ் இயல்பாக விழும். ஒருத்தர்கூட இல்லை என்று அழுத்த நினைத்தால் ஹேஸ். ஆனால் ஆஃப்-க்குப் பிறகு தண்ணீர், பணம் மாதிரி எண்ண முடியாத பொருள் வந்தால் தேர்வே கிடையாது, ஒருமை மட்டும்தான். கண்டிப்பான ஆசிரியர் திருத்தும் தேர்வென்றால் ஒருமை போட்டுவிட்டு வாருங்கள், அது தப்பாகாது.

எவ்ரிஒன்-இல் தேர்வு இல்லை, எப்போதும் ஹேஸ். நாம் சறுக்குவதற்குக் காரணம் தெளிவு: 'எல்லாரும் வந்தார்கள்' என்று பன்மையில் பழகிய வாய்க்கு 'எவ்ரிஒன் ஹேவ்' தானாக வரும். நடுவில் ஒரு பன்மைப் பெயர் புகுந்தால் இன்னும் மோசம், "எவ்ரிஒன் இன் த வில்லேஜஸ்" என்று எழுதியதும் கண் வில்லேஜஸ் மேல் போய் ஹேவ் என்று எழுத வைக்கும். பக்கத்துப் பெயர் விதி நீதர்-நார், ஐதர்-ஆர் ஜோடிக்குத்தான், இங்கே செல்லாது.

இதில் வேடிக்கை, வினைக்கு ஒருமை கேட்கும் இதே சொல் பின்னால் வரும் பிரதிப்பெயருக்குப் பன்மையை ஏற்றுக்கொள்ளும். "எவ்ரிஒன் ஹேஸ் கம், ஹேவன்ட் தே?" ஒரே வாக்கியத்தில் ஹேஸும் ஹேவும், இரண்டுமே சரி.