மூன்று கால் இருந்தால் எல்லாம் டிரான்சிஸ்டரா? 650 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விதம்

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஹாலில் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. 5 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. போன மாதம் அப்பா வீட்டைச் சுத்தம் செய்தபோது செட்டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்து இதில் செருகிவிட்டார். இரண்டுக்கும் ஒரே அளவு உருளை முனை, ஒரே கறுப்பு நிறம். செட்டாப் பாக்ஸினுடையது 12 வோல்ட். டிஸ்ப்ளே ஒரு தடவை மின்னி அணைந்துவிட்டது.

நானே ஓரளவு சால்டரிங் செய்பவன்தான். ஆனால் அந்த வாரம் நேரமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் போர்டை மொபைலில் இரண்டு படம் எடுத்து வைத்தேன். எதையும் பிரிக்கும் முன் படம் எடுப்பது என் பழக்கம், அவ்வளவுதான். அந்தப் படம் இல்லாவிட்டால் இந்தப் பதிவே இல்லை.

மூன்றாம் நாள் போனேன். "டிரான்சிஸ்டர் போயிருந்துச்சு சார், மாத்திட்டேன். ஆனா மெயின் ஐசியும் அவுட். இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, புது செட்டு 2,800-க்கு இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்றார். செக்கிங்குக்கும் டிரான்சிஸ்டர் மாற்றியதற்கும் சேர்த்து 650 ரூபாய். கழற்றிய பார்ட்டைக் கேட்டேன். "கூட்டித் தள்ளியாச்சு சார்" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில், சால்டரிங் செய்யும்போது தடவும் ஃப்ளக்ஸ் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே மிளகில் பாதிகூட இல்லாத, மூன்று கால் கறுப்புப் பொருள் ஒன்று. அதன் முதுகில் J3Y என்று எழுத்து. போர்டில் அதன் பக்கத்தில் வெள்ளை மையில் U2 என்று அச்சிட்டிருந்தது.

எனக்கு இடறியது அந்த U2. போர்டு வடிவமைப்பவர்கள் வழக்கமாக டிரான்சிஸ்டருக்கு Q, டயோடுக்கு D, ஐசிக்கு U என்று பெயர் வைப்பார்கள். இதே போர்டில் பஸ்ஸருக்குப் பக்கத்தில் Q1 என்று இன்னொரு மூன்று கால் பொருள் இருந்தது. அதன் முதுகிலும் J3Y. அது நியாயம். J3Y என்பது S8050 என்ற சாதாரண NPN டிரான்சிஸ்டரின் குறி, பஸ்ஸரை ஓட்ட அதைத்தான் போடுவார்கள். ஆனால் U2 என்ற இடத்தில் அதற்கு என்ன வேலை?

பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். U2-வின் முதுகில் இருந்தது 299 போலத் தெரிந்தது, ஓரத்தில் கோணலாக ஓர் எழுத்து. படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் 662K. இதில் பலரும் சறுக்குவார்கள். இந்த மூன்று கால் உடம்பில் ஒரு பக்கம் இரண்டு கால், எதிர்ப்பக்கம் ஒரு கால். இரண்டு கால் கீழே வருமாறு பிடித்தால் எழுத்து பெரும்பாலும் நேராக வரும். எழுத்து மங்கலாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தேய்த்து ஊதிவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாதது அப்போது தெரியும்.

அடுத்து அளவு. உடம்பு ஏறத்தாழ 2.9 மி.மீ. நீளம், 1.3 மி.மீ. அகலம். ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு கால்களின் நடுவுக்கு நடு 1.9 மி.மீ. இது SOT-23 என்ற உடம்பு. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் போதும், வெர்னியர் வேண்டியதில்லை. இதே தோற்றத்தில் இன்னும் சின்னதாக, உடம்பு 2 மி.மீ., கால் இடைவெளி 1.3 மி.மீ. என SOT-323 என்று ஒன்று உண்டு. படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அளக்காமல் வாங்கினால் வந்த பிறகு போர்டில் உட்காராது.

அளவு எதற்கு என்றால், 3 மி.மீ. முதுகில் முழுப் பெயர் எழுத இடமில்லை. அதனால் கம்பெனிகள் மூன்று நான்கு எழுத்தில் ஒரு குறியை அடிக்கின்றன. யார் எந்தக் குறியை வைப்பது என்பதற்குப் பொதுவான சட்டம் கிடையாது. ஒரே குறியை இரண்டு கம்பெனிகள் இரண்டு வேறு பொருள்களுக்கு வைத்திருக்கும். குறியோடு உடம்பின் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் பட்டியல் சுருங்கும். வெறும் 662K என்று தேடினால் 662 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்று எதையாவது காட்டும். `662K SOT-23 marking` என்று தேடினேன். XC6206 என்ற 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வந்தது. சின்ன சென்சார் போர்டுகளில் நிறையப் பார்க்கலாம், மலிவான நகல்களிலும் இதே குறிதான் இருக்கும். 5 வோல்ட்டை வாங்கி 3.3 ஆக்கித் தருவது அதன் வேலை. 6 வோல்ட் வரைதான் கொடுக்கலாம். அப்பா கொடுத்தது 12.

தேடலில் வந்ததே பதில் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. குறி சொல்வது இதுவாக இருக்கலாம் என்பது மட்டும். உண்மையை போர்டிடம்தான் கேட்க வேண்டும். டேட்டாஷீட்டில் XC6206-க்கு கால் வரிசை இப்படி: இரண்டு கால் கீழே இருக்க, இடது கால் தரை, அதாவது மைனஸ், வலது கால் 3.3 வோல்ட் வெளியே, மேலே தனியாக இருக்கும் கால் 5 வோல்ட் உள்ளே. அடாப்டரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை பீப் அடிக்கும் இடத்தில் வைத்தேன். இடது கால், அடாப்டர் சாக்கெட்டின் மைனஸ்: பீப். மேல் கால், சாக்கெட்டின் பிளஸ்: பீப். வலது கால், பெரிய ஐசியின் சப்ளை கால்: பீப். உள்ளே வரும் பக்கம் ஒரு கெப்பாசிட்டர், வெளியே போகும் பக்கம் ஒரு கெப்பாசிட்டர், இரண்டும் தரைக்கு. ரெகுலேட்டரைத் தவிர வேறெதையும் இப்படி உட்கார வைக்க மாட்டார்கள்.

ஆக, ரெகுலேட்டர் இருந்த இடத்தில் டிரான்சிஸ்டரைப் போட்டிருக்கிறார். அது என்ன செய்யும்? S8050-இல் இடது கால் பேஸ், வலது கால் எமிட்டர், மேல் கால் கலெக்டர். பேஸ் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டது. பேஸ் தரையில் இருந்தால் NPN திறக்கவே திறக்காது. 5 வோல்ட் மேலே நிற்கும், கீழே ஒன்றும் வராது. அடாப்டரைப் போட்டு அளந்தேன்: மேல் காலில் 5.08, வலது காலில் பூஜ்யம். மெயின் ஐசிக்குச் சாப்பாடே போகவில்லை. சாப்பாடு போடாமலேயே அது செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்!

இதில் எனக்கு ஓர் அதிர்ஷ்டம். அவர் கை J3Y-க்குப் பதில் அதன் ஜோடியான 2TY-யை, அதாவது S8550 என்ற PNP-ஐ எடுத்திருந்தால், மேல் காலிலிருந்து தரைக்கு உள்ளே இருக்கும் ஜங்ஷன் வழியாக 5 வோல்ட் நேரே ஓடியிருக்கும். அடாப்டரோ அந்தப் பொருளோ புகைந்திருக்கும். அதைவிட மோசம், பழைய ரெகுலேட்டர் போகும்போதே உள்ளே வந்ததை அப்படியே வெளியே விட்டிருந்தால் 12 வோல்ட்டும் மெயின் ஐசிக்குப் போயிருக்கும். அப்போது கடைக்காரர் சொன்னது உண்மையாகியிருக்கும். அதனால் அவர் சொன்னதைப் பொய் என்று முடிவு கட்டும் முன் சோதிக்க வேண்டியிருந்தது.

J3Y-யைக் கழற்றினேன். அடாப்டரும் இல்லை. 3.3 வோல்ட் வரவேண்டிய இடத்துக்கும் தரைக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன். 1.8 கிலோ ஓம் காட்டியது, ஷார்ட் இல்லை. இதைப் பார்க்காமல் அடுத்த வேலையைச் செய்யாதீர்கள். ஷார்ட் இருந்தால் பேட்டரி சுடும். அப்புறம் டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு புது செல்லை எடுத்து வரிசையாக இணைத்து, கிட்டத்தட்ட 3.1 வோல்ட், பிளஸ்ஸை அந்த இடத்திலும் மைனஸ்ஸைத் தரையிலும் வைத்தேன். டிஸ்ப்ளேயில் கோடுகள் எரிந்தன. இரண்டு விநாடியில் தொட்டி சென்சாரைத் தேடுகிறது என்ற அடையாளமும் வந்தது. செத்துப்போன மெயின் ஐசி அது.

662K பத்து ஆன்லைனில் வாங்கினேன். பார்ட்டுக்கு ஆனதைவிடக் கூரியருக்கு அதிகம். சாதாரண சால்டரிங் அயர்னே போதும், தனியாக இருக்கும் காலை முதலில் ஒட்டி நிலைநிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் ஒட்டலாம். போட்டதும் அளந்தால் 3.29 வோல்ட். அரை மணி நேரம் ஓடவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. இது 200 மில்லிஆம்ப்தான் தாங்கும், அதிகம் இழுக்கும் போர்டில் இதைப் போடக் கூடாது. கடையில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் என்று பொதுவாகக் கேட்டு வாங்குபவர்கள் கால் வரிசையையும் பாருங்கள். HT7333 என்பதும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர்தான். ஆனால் SOT-89 உடம்பில் அதன் நடுக்கால் உள்ளே வருவது, ஓரக்கால் வெளியே போவது. அதே உடம்பில் வரும் AMS1117-இல் நடுக்கால் வெளியே போவது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் வேலைக்கு ஆகாது.

மறுநாள் இரண்டு படத்தையும், ஓடும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணே, U2-ல டிரான்சிஸ்டர் எப்படி வரும்?" என்று கேட்டேன். "மூணு கால் இருந்தா டிரான்சிஸ்டர்தானே சார், எல்லாரும் அதைத்தான் போடுவாங்க" என்றார். ஏமாற்ற நினைத்துச் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்று கால் தெரியாதது தப்பில்லை. 3.3 வோல்ட் வருகிறதா என்று ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்க்காமல் மெயின் ஐசி அவுட் என்று சொல்லி, 2,800 ரூபாய் செட்டை எடுத்து மேசைமேல் வைத்ததுதான் தப்பு. கொஞ்ச நேரம் பேசிய பிறகு 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். 250 ரூபாயை செக்கிங் சார்ஜ் என்று பிடித்துக்கொண்டார்.

நீங்கள் எங்கே கொடுத்தாலும், கொடுக்கும் முன் போர்டின் இரண்டு பக்கமும் எழுத்து தெரியும் அளவுக்குப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பார்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் கேட்டால் குப்பையில் போயிருக்கும். மெயின் ஐசி போச்சு என்று சொன்னால், அதன் சப்ளை காலில் எத்தனை வோல்ட் வருகிறது என்று எதிரிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் முனையில் இப்போது சிவப்பு நகப்பூச்சு அடித்திருக்கிறது. மிச்சம் ஒன்பது 662K மேசை டிராயரில் கிடக்கிறது.