வடிகட்டல் முன்னாலா, பின்னாலா? வெக்டர் தேடலில் விடுபடும் விடைகள்

ஓர் ஆவணக் களஞ்சியத்தில் 10 லட்சம் பத்திகள், பொருளைக் குறிக்கும் எண்வரிசைகளான எம்பெடிங்குகளாகச் சேமிக்கப்பட்டிருப்பதாகவும், ஒவ்வொரு பத்திக்கும் துறை, ஆண்டு போன்ற மெட்டாடேட்டா இருப்பதாகவும், அவற்றில் சட்டத் துறைக்கு உரியவை 1 சதவீதம், அதாவது 10,000 மட்டுமே என்றும் வைத்துக்கொள்வோம். "சட்டத் துறை ஆவணங்களில் மட்டும் தேடு" என்று பயனர் கேட்கும்போது, அந்த நிபந்தனையை வெக்டர் தேடலுக்கு முன்பே பொருத்துவதா, தேடி முடித்த பிறகு பொருத்துவதா என்பதே கேள்வி. பெரும்பாலும் இது வேகத்தைப் பற்றிய விவாதமாகவே நடக்கிறது. என் பார்வையில் வேகத்தைவிட முக்கியமானது, இரண்டு முறைகளும் வெவ்வேறு விதமாகத் தவறுகின்றன என்பதும், அவற்றுள் ஒன்றின் தவறு கண்ணுக்குத் தெரியாது என்பதும்தான்.

பின்வடிகட்டலிலிருந்து தொடங்கலாம். போஸ்ட்கிரெஸில் `pgvector` பயன்படுத்துவோர் எழுதும் வழக்கமான வினவல் இது:

```sql
SELECT id FROM paththi
WHERE thurai = 'sattam'
ORDER BY embedding <=> $1
LIMIT 10;
```

படிப்பதற்கு, முதலில் துறையைப் பிரித்துவிட்டுப் பிறகு தேடுவதுபோல் இருக்கிறது. ஆனால் அருகருகே உள்ள வெக்டர்களை வலைபோல் இணைத்துவைக்கும் `hnsw` இன்டெக்ஸ் வழியாக இது ஓடும்போது நடப்பது நேர்மாறானது. இன்டெக்ஸ், துறையைப் பற்றிய கவலையே இல்லாமல், மொத்தக் களஞ்சியத்திலிருந்தும் வினவலுக்கு மிக அருகிலுள்ள பத்திகளை எடுத்துத் தருகிறது. `WHERE` நிபந்தனை அதன் பிறகே அவற்றின்மீது பொருத்தப்படுகிறது. எத்தனை எடுக்கும் என்பதை `hnsw.ef_search` தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 40. துறைக்கும் வினவலின் பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லையென்றால், அந்த 40-இல் சட்டத் துறையைச் சேர்ந்தவை சராசரியாக 0.4 மட்டுமே, ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவை பட்டியல் வெறுமையாகவே திரும்பும். களஞ்சியத்தில் 10,000 சட்டப் பத்திகள் இருந்தும், ஒன்றுமே இல்லை என்று பயனர் நம்பிவிடுவார்.

நடைமுறையில் தொடர்பே இல்லாத நிலை அரிது. தொடர்பு சாதகமாகவோ பாதகமாகவோ இருக்கும். "ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள எத்தனை நாள் அறிவிப்பு தர வேண்டும்" என்ற வினவலுக்கு அருகிலுள்ள 40 பத்திகளில் பெரும்பகுதி சட்டத் துறையுடையதாகவே இருக்கும். பின்வடிகட்டல் அங்கே பிரமாதமாக வேலை செய்யும். அதே சட்டத் துறைக்குள் "சர்வர் பராமரிப்புக்கான கால அட்டவணை" என்று தேடினால், அருகிலுள்ள இடங்களையெல்லாம் தொழில்நுட்பத் துறையின் பத்திகளே பிடித்துக்கொள்ளும். 40-ஐ 400 ஆக்கினாலும் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். வெள்ளோட்டத்தின்போது பெரும்பாலும் முதல் வகை வினவல்களையே எல்லோரும் சோதித்துப் பார்க்கிறோம். அதனால்தான் இந்தக் குறை வெளியே தெரியாமல் நெடுநாள் தங்கிவிடுகிறது.

ஆயினும் பின்வடிகட்டலுக்கு ஒரு நேர்மை உண்டு. வடிகட்டிய பிறகு 10 பத்திகளோ அதற்கு மேலோ மிஞ்சினால், முதல் பத்தும் நிபந்தனைக்கு உட்பட்ட மிக அருகிலுள்ள 10 பத்திகளே; இன்டெக்ஸின் சொந்தத் தோராயத்தைத் தவிர வேறு பிழை அதில் புகுவதில்லை. குறைவாக மிஞ்சினாலும், மிஞ்சியவை சரியானவையே. வாலில் மட்டும்தான் வெட்டு விழுகிறது. ஆகவே பட்டியலின் நீளத்தை எண்ணினாலே பழுது தெரிந்துவிடும்.

முன்வடிகட்டல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட வேலைகள் நடக்கின்றன. முதலாவது, நிபந்தனைக்குப் பொருந்தும் பத்திகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் தொலைவையும் நேரடியாகக் கணக்கிட்டு வரிசைப்படுத்துவது. நம் எடுத்துக்காட்டில், 768 பரிமாணங்கள் கொண்ட 10,000 வெக்டர்கள் என்பது ஏறத்தாழ 30 எம்பி தரவுதான். இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தோராயம் எதுவும் இல்லாததால் விடை முழுமையாகச் சரியாக இருக்கும். நிபந்தனை குறுகலாக இருந்தால் இதற்கு ஈடான வழி வேறில்லை என்பேன். "இன்டெக்ஸ் இல்லாமல் தேடுவதா" என்ற தயக்கம் இங்கே தேவையற்றது.

இரண்டாவது, `hnsw` வலையமைப்பின் ஊடாக நடக்கும்போதே நிபந்தனையைச் சரிபார்ப்பது. இங்கேதான் தரம் ஓசையின்றிச் சரியக்கூடும். புள்ளிகளுக்கு இடையிலான இணைப்புகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் `m` மதிப்பு 16 என்றால், அடித்தளத்தில் ஒரு புள்ளிக்கு அதிகபட்சம் 32 அண்டைப் புள்ளிகள் இருக்கும். நிபந்தனைக்குப் பொருந்தும் புள்ளிகள்மீது மட்டுமே கால் வைக்க வேண்டும் என்று விதித்தால், 10 சதவீதப் பத்திகள் பொருந்தும் நிபந்தனைக்குச் சராசரியாக மூன்று அண்டைகளாவது எஞ்சும். 1 சதவீதத்துக்குச் சராசரியாக 0.32 தான் எஞ்சும். பாலங்கள் அறுந்து, வலை சிறுசிறு தீவுகளாகச் சிதறிவிடும். தேடல் தான் நுழைந்த தீவுக்குள்ளேயே சுற்றி, அங்கே கிடைத்ததைத் தந்துவிட்டு நின்றுவிடும். தீவு ஓரளவு பெரிதாக இருந்தால் பட்டியலில் 10 வரிகளும் நிறைந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் உண்மையில் மிக அருகிலிருக்கும் பத்தி பக்கத்துத் தீவில் கிடக்கும். பின்வடிகட்டலின் வெறும் பட்டியலைவிட இந்த நிறைந்த பட்டியலுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இதை உணர்ந்துதான் மென்பொருள்கள் ஆளுக்கொரு மாற்றுவழி வைத்திருக்கின்றன. பொருந்தாத புள்ளிகளையும் வழியாக மட்டும் பயன்படுத்திக் கடந்து செல்வது ஒன்று; அதில் வலை அறாது, ஆனால் நடை நீளும். மெட்டாடேட்டா மதிப்புகளுக்கேற்பக் கூடுதல் இணைப்புகளை முன்கூட்டியே கட்டுவது க்யூட்ரன்ட் என்ற வெக்டர் தரவுத்தளத்தின் வழி. அதற்கு மெட்டாடேட்டா இன்டெக்ஸை வலை கட்டப்படுவதற்கு முன்பே உருவாக்கியிருக்க வேண்டும். பொருந்தும் புள்ளிகள் ஒரு வரம்புக்குக் கீழே போனால் வலையையே விட்டுவிட்டு நேரடிக் கணக்குக்கு மாறிவிடுவதும் உண்டு.

`pgvector` பதிப்பு 0.8.0 பின்வடிகட்டலைக் கைவிடாமலேயே குறையைச் சரிசெய்ய முயல்கிறது. `SET hnsw.iterative_scan = strict_order;` என்று கொடுத்தால், போதிய விடைகள் தேறும்வரை இன்டெக்ஸ் மேலும் மேலும் பத்திகளை எடுத்துத் தரும். தொடர்பில்லாத 1 சதவீத நிபந்தனைக்குச் சராசரியாக 1,000 பத்திகளில் 10 தேறிவிடும். பாதகமான தொடர்பிருந்தால் மட்டும், `hnsw.max_scan_tuples` வரம்பான 20,000-ஐத் தொட்டுவிட்டு, குறைபட்ட பட்டியலோடு நின்றுவிடக்கூடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், `thurai` நெடுவரிசைக்குத் தனி இன்டெக்ஸ் இருந்தால், மேலே தந்த அதே வினவல் ஒரு மதிப்புக்கு முன்வடிகட்டலாகவும் இன்னொரு மதிப்புக்குப் பின்வடிகட்டலாகவும் ஓடலாம். எது மலிவு என்று போஸ்ட்கிரெஸின் திட்டமிடி தன் புள்ளிவிவரங்களைப் பார்த்து முடிவு செய்கிறது. `EXPLAIN ANALYZE` கொடுத்துப் பார்த்தால், வெக்டர் இன்டெக்ஸின் பெயருக்குக் கீழே `Rows Removed by Filter: 40` என்ற வரி வந்து, விடை ஒன்றுமில்லை என்றால், எடுத்த அத்தனையும் வடிகட்டியில் கழிந்துவிட்டன என்று பொருள்.

முன்வடிகட்டலை விரும்புவோர் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. சட்டத் துறையில் சர்வர் பராமரிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றாலும், கேட்ட 10 பத்திகளை முன்வடிகட்டல் தந்தே தீரும். தொலைவுக்கு ஓர் உச்சவரம்பு வைக்காவிட்டால், பொருத்தமற்றவை விடையென்ற பெயரில் மேலே வந்து நிற்கும். அந்த வரம்பை எம்பெடிங் மாதிரிக்கு ஏற்பச் சோதித்துத்தான் குறிக்க வேண்டும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும், பயனர்கள் உண்மையில் கேட்ட சில நூறு வினவல்களை எடுத்து, `SET enable_indexscan = off;` கொடுத்து நேரடிக் கணக்கில் வரும் முதல் 10-ஐயும் இன்டெக்ஸ் தரும் 10-ஐயும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மொத்தச் சராசரி இங்கே ஏமாற்றும். 50 சதவீத நிபந்தனைகளின் நல்ல மதிப்பெண், 1 சதவீத நிபந்தனைகளின் சரிவை மூடி மறைத்துவிடும். நிபந்தனையின் அகலத்தைப் பொறுத்து வினவல்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துக் கணக்கிட்டால், எந்த அகலத்துக்குக் கீழே நேரடிக் கணக்குக்கு மாற வேண்டும் என்பது அந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.