‘05 07 24’ எந்தத் தேதி? பொட்டலப் படங்களோடு மூன்று வருடம்

கிடங்குக்கு வரும் பொருட்களின் படங்களைப் பார்த்து, தயாரிப்புத் தேதி, காலாவதி, பேட்ச் எண் மூன்றையும் மூன்று வருடமாகப் பதிந்து வருகிறேன். முதல் ஆறு மாதப் பதிவுகளை இப்போது நானே நம்பமாட்டேன். அச்சில் இருந்ததையும் என் ஊகத்தையும் ஒரே கட்டத்தில் எழுதி வைத்த காலம் அது. இப்போது அச்சில் உள்ளபடி ஒரு கட்டம், நான் புரிந்துகொண்டது இன்னொரு கட்டம்.

ஏன் என்பதற்கு ஒரு படம். பாட்டிலின் அடியில் இவ்வளவுதான் இருந்தது:

```
05 07 24
04 07 26
24187 14:32
```

எது தயாரிப்பு, எது காலாவதி என்று ஒரு எழுத்துகூட இல்லை. 24, 26 இரண்டும் ஆண்டு என்றால் மேலே உள்ளது தயாரிப்பு. ஆனால் அது ஜூலை 5ஆ, மே 7ஆ? இரண்டு எண்ணுமே பன்னிரண்டுக்குள் இருப்பதால் தேதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

கைகொடுத்தது மூன்றாவது வரி. சில தயாரிப்பாளர்கள் பேட்ச் எண்ணில் ஆண்டையும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்து வைப்பார்கள். 2024 லீப் ஆண்டு. ஜூன் முடிய 182 நாள். 187வது நாள் ஜூலை 5. மே 7 என்றால் 128 வந்திருக்க வேண்டும். காலாவதியும் ஒத்துப்போகிறது: 2026 ஜூலை 4 என்றால் சரியாக இரண்டு வருடம். மாதத்தை முதலில் வைத்துப் படித்தால் மே 7 முதல் ஏப்ரல் 7 வரை, 23 மாதம். அப்படி ஒரு ஆயுளை யாரும் நிர்ணயிப்பது அபூர்வம்.

இதை விதியாக எடுத்துக்கொண்டு நான் ஒருமுறை சூடுபட்டேன். வேறொரு தயாரிப்பாளரின் பேட்ச் எண் வெறும் வரிசை எண். நாளோடு தற்செயலாகப் பொருந்தியது. அதன்பின் அதே தயாரிப்பின் இன்னும் இரண்டு பேட்சாவது பொருந்தினால்தான் நம்புகிறேன்.

‘தயாரிப்பிலிருந்து 18 மாதத்துக்குள் பயன்படுத்தவும்’ என்ற வகை இன்னொரு தலைவலி. பொட்டலத்தில் இருப்பது பேக் செய்த தேதி மட்டும்தான் என்றால், கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? மொத்தமாகத் தயாரித்து, பிறகு சிறிது சிறிதாக அடைக்கும் பொருளில் இரண்டுக்கும் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். அங்கே காலாவதிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். மருந்தட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் சிக்கலில்லை. அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்பதே வழக்கம்.

படத்தில் அதிகம் ஏமாற்றுவது புள்ளி புள்ளியாக அடிக்கும் இங்க்ஜெட் எழுத்து. ஒரு புள்ளி விடுபட்டால் 8, 6 ஆகிவிடும். ட்யூபின் மடிப்பில் அழுத்திப் பதித்த எண்களுக்கு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுக்கச் சொல்வேன். நேராக ஃப்ளாஷ் அடித்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். அதிலும் தெரியாவிட்டால் வெளி அட்டைப்பெட்டியின் படத்தைக் கேட்பேன். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றால், ‘படிக்க முடியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.