ஸ்கோப் க்ரீப்பா, கோல்ட் பிளேட்டிங்கா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு மாணவர் குழு, சிறு தேயிலை விவசாயிகளுக்குச் செயலி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்புக்கொண்டது இரண்டே வேலை: தினமும் கொடுத்த பச்சைத் தேயிலையின் எடையைப் பதிவது, மாதக் கடைசியில் கூட்டிக் காட்டுவது.

பாதி வழியில் விவசாயி ஒருவர், "தம்பி, அப்படியே உர முன்பணத்தையும் கழிச்சுக் காட்டிடுங்க" என்கிறார். குழு தலையாட்டுகிறது, கெடு மட்டும் நகரவில்லை. இது ஸ்கோப் க்ரீப். அவர் கேட்டது தப்பில்லை; முன்பணம் என்றாலே இலை விலை, தவணை, பாக்கி என்று டேட்டாபேஸே மாறும், அதற்கான நாட்களைக் கணக்கிடாமல் சரி என்றதுதான் சிக்கல்.

கோல்ட் பிளேட்டிங்கில் யாரும் எதையும் கேட்பதில்லை. குழுவில் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக வானிலைப் பக்கம் சேர்க்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள், அப்புறம் சிக்னல் இல்லாத தோட்டத்தில் அது திறக்காமல் எடைப் பதிவையும் சேர்த்துத் தொங்கவிடுகிறது. என்னைக் கேட்டால் இதுதான் மோசம், பாராட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

தடுக்க, தேவைகளுக்கு R1, R2 என்று எண் போட்டு, கோடில் சேர்க்கும் ஒவ்வொரு மாற்றத்திலும், அதாவது ஒவ்வொரு கமிட்டிலும், அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண்ணே இல்லாத கமிட் கோல்ட் பிளேட்டிங். ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புங்கள். புது எண் வேண்டுமென்றால் எத்தனை நாள், எதை விடுவது, யார் ஒப்புதல் என்று மூன்று வரி எழுதிய பிறகே. உர முன்பணத்துக்கு ஒரு வாரம் என்று எழுதிக் காட்டினால், "அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்" என்று அவரே சொல்லவும் கூடும்.