டெதர் இருக்கிறது, அனுப்ப டிஆர்எக்ஸ் இல்லை: டிரான் வாலட்டுடன் சில ஆண்டுகள்

பெங்களூரில் இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவர்களில் சிலருக்கு, ஊதியத்தின் ஒரு பகுதி டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் டெதர் என்ற கிரிப்டோ நாணயமாக, அதுவும் டிரான் என்ற பிளாக்செயின் வலையமைப்பின் வழியாகவே வந்துசேர்கிறது. நானும் சில ஆண்டுகளாக அப்படித்தான் பெற்று வருகிறேன். வேகம், எளிமை, நிலைத்தன்மை ஆகியவற்றில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டில் புதிதாக வருபவர்களைத் தவறாமல் மாட்டவைக்கும் இடம் ஒன்று உண்டு. வாலட்டில் டெதர் முழுதாக இருக்கும், ஆனால் அதை ஒரு ரூபாய் அளவுக்குக்கூட நகர்த்த முடியாது. இந்தப் பதிவு அதைப் பற்றியது மட்டுமே.

மாரத்தஹள்ளியில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு நேர்ந்ததை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு வாலட் செயலியை நிறுவி, T என்று தொடங்கும் முகவரியை வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்தான். 250 டெதர் வந்துவிட்டது. அதை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப முயன்றபோது, போதிய TRX இல்லை என்று வாலட் மறுத்துவிட்டது. அதே செயலியில் இருந்த ஸ்வாப் பொத்தானை அழுத்தி, பத்து டெதரை டிஆர்எக்ஸாக மாற்றப் பார்த்திருக்கிறான். அதற்கும் அதே பதில்தான். "மாமா, காசு கண்ணு முன்னாடி இருக்கு, எடுக்க முடியல. ஃபீஸை அதுலயே கழிச்சுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் டிரான் வலையமைப்பு கட்டணமாக ஏற்பது தன் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் ஒன்றைத்தான். டெதர் என்பது அதன்மேல் ஓடும் ஓர் ஒப்பந்த நிரலுக்குள், இன்ன முகவரிக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் ஓர் எண்ணை மாற்ற வேண்டுமானால் நிரலை இயக்க வேண்டும். இயக்குவதற்கான செலவை வலையமைப்பு தன் சொந்த நாணயத்தில் மட்டுமே வாங்கிக்கொள்ளும். ஸ்வாப் செய்வதும் நிரலை இயக்குவதுதான் என்பதால் அந்தக் கதவும் அதே பூட்டில் அடைபட்டிருக்கிறது. மாறாக, டெதரைப் பெறுவதற்கு இது எதுவும் தேவையில்லை, ஏனெனில் செலவு அனுப்புபவருடையது. அதனால்தான் பணம் தடையின்றி உள்ளே வந்து, வெளியேறும்போது மட்டும் நிற்கிறது.

டிரான் கணக்குகளை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய டிரான்ஸ்கேன் தளத்தில் அவனுடைய முகவரியைப் போட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. டெதர் இருப்பு காட்டப்பட்டாலும், அந்தக் கணக்கு இன்னும் செயல்படுத்தப்படாத நிலையிலேயே இருந்தது. டிரானில் ஒரு முகவரியை உருவாக்கிக்கொள்வது வேறு, வலையமைப்பில் அது கணக்காகப் பதிவாவது வேறு. டெதர் வந்து விழுவதால் அந்தப் பதிவு நடப்பதில்லை. ஏற்கெனவே செயல்பாட்டில் உள்ள வேறொரு கணக்கிலிருந்து சிறிதளவு டிஆர்எக்ஸ் வந்தால்தான் நடக்கும். அப்படி அனுப்புபவருக்குக் கூடுதலாக 1 டிஆர்எக்ஸும், பெரும்பாலும் அதன்மேல் 0.1 டிஆர்எக்ஸும் செலவாகும். செயல்படுத்தப்படாத கணக்குக்கு, நிரலை இயக்கத் தேவைப்படும் எனர்ஜி என்ற வளத்தைக்கூட யாரும் ஒதுக்கித்தர முடியாது என்பதால், எந்த வழியில் போவதாக இருந்தாலும் முதல் படி இதுதான்.

அடுத்து, எவ்வளவு டிஆர்எக்ஸ் அனுப்ப வேண்டும் என்ற கணக்கு. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான், ஏனெனில் ஒரே வேலைக்கு இரண்டு விலைகள் இருக்கின்றன. பெறும் முகவரியில் ஏற்கெனவே கொஞ்சமாவது டெதர் இருந்தால், பரிமாற்றத்துக்குச் சுமார் 65,000 எனர்ஜி போதும். அதன் டெதர் இருப்பு சுழியமாக இருந்தால், ஒப்பந்தத்துக்குள் புதிய பதிவு எழுதப்பட வேண்டியிருப்பதால் சுமார் 1,30,000 எனர்ஜி ஆகும். 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஓர் எனர்ஜியின் விலை 100 சன். பத்து இலட்சம் சன் சேர்ந்தது ஒரு டிஆர்எக்ஸ். ஆகவே முதல் வகைக்கு 6.5, இரண்டாம் வகைக்கு 13 டிஆர்எக்ஸ் கட்டணமாக எரிக்கப்படும். இதற்கு முன் விலை 210 சன்னாகவும், அதற்கும் முன் 420 சன்னாகவும் இருந்தது. 420 இருந்த காலத்தில் டெதர் இல்லாத முகவரிக்கு ஒருமுறை டெதர் அனுப்ப 50 டிஆர்எக்ஸுக்கும் மேல் செலவாகும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் உள்ள எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அனுப்பும் தொகைக்கும் கட்டணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு டெதர் அனுப்பினாலும் பத்தாயிரம் அனுப்பினாலும் எனர்ஜி ஒன்றுதான்.

எனர்ஜியைத் தவிர, பரிமாற்றத்தின் தரவு அளவுக்கு ஏற்பச் செலவாகும் பேண்ட்வித் என்ற இன்னொரு வளமும் உண்டு. செயல்பாட்டில் உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் நாளொன்றுக்கு 600 அலகுகள் இலவசம்; ஒரு டெதர் பரிமாற்றம் 345 அலகுகளை எடுத்துக்கொள்ளும். ஆகவே அன்றைய முதல் பரிமாற்றத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. சிறிது நேரத்துக்குள் இரண்டாவதைச் செய்தால் இலவச அளவு போதாமல் 0.345 டிஆர்எக்ஸ் எரியும், அதுவும் இல்லையென்றால் பரிமாற்றம் நிராகரிக்கப்படும். அப்போது வரும் பிழைச் செய்தியை வலையமைப்பு `BANDWITH_ERROR` என்று ஓர் எழுத்தை விட்டுவிட்டே எழுதுகிறது. அதைக் கண்டு ஏதோ போலிச் செயலி என்று பயப்படத் தேவையில்லை, மூல நிரலிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அக்கா மகன் முதலில் ஒரு டெதரை மட்டும் சோதனையாக அனுப்பிப் பார்த்துவிட்டு, மீதியைப் பிறகு அனுப்ப விரும்பினான். எச்சரிக்கையான பழக்கம்தான், ஆனால் இங்கே சோதனைக்கும் முழுக் கட்டணம் உண்டு. எக்ஸ்சேஞ்ச் அவனுக்குக் கொடுத்திருந்த வரவு முகவரி வெறுமையாக இருந்ததால், முதல் முறைக்கு 13 டிஆர்எக்ஸ். இரண்டாவது முறைக்கு 6.5 போதும் என்று தோன்றும். ஆனால் எக்ஸ்சேஞ்சுகள் வரவு முகவரிகளில் சேர்வதை அவ்வப்போது மொத்தமாக வழித்துத் தங்கள் மையக் கணக்குக்குக் கொண்டுபோய்விடும். இடையில் அப்படி வழித்துவிட்டால் இருப்பு மீண்டும் சுழியமாகி, இரண்டாவதற்கும் 13 ஆகும். 13, 13, பேண்ட்வித்துக்கு 0.345 என்று மோசமான நிலையிலும் சுமார் 26.345 டிஆர்எக்ஸ்தான் ஆகும் என்பதால், என் வாலட்டிலிருந்து அவனுக்கு 30 டிஆர்எக்ஸ் அனுப்பினேன். அந்த முகவரி வழிக்கப்படுவதற்குள் இரண்டாவது பரிமாற்றமும் முடிந்துவிட்டதால், அவன் கையில் ஏறக்குறைய பத்து மிஞ்சியது.

"எட்டு டிஆர்எக்ஸ் போட்டா போதும்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்களே மாமா" என்றான். எட்டு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெறும் முகவரி வெறுமையாக இருக்கும்போது, கையில் உள்ள 8 டிஆர்எக்ஸுக்கு 80,000 எனர்ஜிதான் கிடைக்கும். வாலட் முன்கூட்டியே கணக்கிட்டுத் தடுத்தால் நல்லது. தடுக்காமல் அனுப்பிவிட்டால், நிரல் பாதிவழியில் எனர்ஜி தீர்ந்து நின்றுவிடும்; டிரான்ஸ்கேனில் `OUT_OF_ENERGY` என்று பதிவாகும்; டெதர் அசையாமல் அங்கேயே இருக்கும்; எட்டு டிஆர்எக்ஸ் மட்டும் எரிந்துபோயிருக்கும். தோற்ற பரிமாற்றத்துக்கும் கட்டணம் திரும்பாது. அதனால் அனுப்புவதற்கு முன், பெறும் முகவரியை டிரான்ஸ்கேனில் பார்த்து அதில் டெதர் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது என் வழக்கம்.

டிஆர்எக்ஸ் கொடுக்க உறவோ நட்போ இல்லாதவர்கள் இந்திய எக்ஸ்சேஞ்சில் வாங்கித் தங்கள் முகவரிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பான், ஆதார் சரிபார்ப்பு முடிய வேண்டும். எடுப்பதற்குக் குறைந்தபட்ச அளவும் தனிக் கட்டணமும் இருக்கும். சில தளங்கள் நாணயத்தை வெளியே எடுக்கவே விடுவதில்லை. ஆகவே வாங்குவதற்கு முன் எடுக்கும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். மற்றொரு வழி எனர்ஜியை வாடகைக்கு எடுப்பது. டிஆர்எக்ஸை முடக்கி வைத்து எனர்ஜி பெறுபவர்கள், அதைச் சிறிது நேரத்துக்கு உங்கள் முகவரிக்கு ஒதுக்கித் தருவார்கள். எரிப்பதைவிட இது பெரும்பாலும் மலிவு, ஆனால் முகவரி ஏற்கெனவே செயல்பாட்டில் இருக்க வேண்டும். இதற்கு அவர்களுக்குத் தேவை உங்கள் முகவரி மட்டுமே. வாலட்டை இணைக்கச் சொல்லி, ஒப்புதல் கேட்டு, ஏதேனும் கையொப்பமிடச் சொன்னால் அது எனர்ஜி வியாபாரம் அல்ல. நாமே முடக்கி வைப்பது மாதத்துக்கு ஓரிரு முறை அனுப்புபவர்களுக்குப் பொருந்தாது; ஒரு பரிமாற்றத்துக்கான எனர்ஜிக்கே பல ஆயிரம் டிஆர்எக்ஸ் வேண்டும், விடுவித்தால் திரும்பக் கைக்கு வர 14 நாள்கள் ஆகும்.

இதே சிக்கலைத் தூண்டில் முள்ளாக வைத்து நடக்கும் மோசடியும் உண்டு. "என் வாலட்டில் டெதர் இருக்கிறது, எடுக்கத் தெரியவில்லை" என்று அப்பாவித்தனமாகக் கேட்டு, மீட்புச் சொற்கள் 12-ஐயும் யாரோ பொதுவெளியில் எழுதியிருப்பார்கள். அதைக் கொண்டு வாலட்டைத் திறந்தால் உண்மையிலேயே டெதர் இருக்கும், டிஆர்எக்ஸ் இருக்காது. ஆசைப்பட்டுக் கட்டணத்துக்கான டிஆர்எக்ஸை அனுப்பினால் அது போனது போனதுதான். டிரானில் ஒரு கணக்கின் உரிமையாளர் அனுமதியை வேறொரு முகவரிக்கு மாற்றிவைக்க முடியும். அப்படி மாற்றப்பட்ட கணக்கில் அந்தப் பன்னிரண்டு சொற்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. டிரான்ஸ்கேனில் அந்தக் கணக்கின் அனுமதிகள் பகுதியைப் பார்த்தால், உரிமையாளர் இடத்தில் வேறு முகவரி நிற்பது தெரிந்துவிடும்.  கள்ளச் செயலிகளும் சொந்தக் கணக்கையே இப்படிப் பறித்துவிடுவதுண்டு.

வாலட் செயலிகள் மீது எனக்குள்ள மனத்தாங்கல், இத்தனை செய்தியையும் அனுப்பும் திரையில் கொண்டுபோய் வைத்திருப்பதுதான். அது தேவைப்படுவது பெறும் திரையில். முகவரியை நகலெடுக்கும்போதே, இந்தக் கணக்கு இன்னும் செயல்படுத்தப்படவில்லை, வெளியே அனுப்ப டிஆர்எக்ஸ் வேண்டும் என்று இரண்டு வரி இருந்தால், வாடிக்கையாளரிடமே டெதருடன் கொஞ்சம் டிஆர்எக்ஸும் அனுப்பச் சொல்லியிருக்கலாம். கட்டணத்தை டெதரிலேயே கழித்துக்கொள்ளும் வசதியைச் சில வாலட்டுகள் இப்போது தரத் தொடங்கியுள்ளன. அங்கேயும் உங்களுக்காக வேறொருவர் டிஆர்எக்ஸைச் செலவிட்டுத் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். அவசரத்துக்கு அது பரவாயில்லை. வழக்கமாக அனுப்புபவர்களுக்கு, ஒரு டிஆர்எக்ஸ் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 900 ரூபாய்க்கு முப்பது வாங்கி வாலட்டில் போட்டுவைப்பதையே நான் இன்னும் பரிந்துரைக்கிறேன்.