திருப்பூருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில், கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறேன். 2024 தீபாவளிக்கு டி-சர்ட் எடுக்கலாம் என்று ஜூன் மாதம் திருப்பூர் ஏஜென்ட் ஒருவருக்கு மெயில் போட்டேன். குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். 'ஆயிரம் பீஸ், 45 நாள்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான்கு கலரில் முந்நூறு முந்நூறாக 1200 பீஸுக்கு ஆர்டர் போட்டு, 30 சதவீதம் அட்வான்ஸ் அனுப்பினேன்.

பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான், ஆயிரம் என்பது ஒரு கலருக்கு என்றார்.

அந்தக் கணக்கு பொய்யில்லை. ஒரு டி-சர்ட்டுக்கு வெட்டில் வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 200 கிராம் துணி ஆகும். முந்நூறு பீஸ் என்றால் 60 கிலோ. இருநூறு கிலோ பிடிக்கும் சாயத் தொட்டியில் அறுபது கிலோவைப் போட டையிங் பட்டறை ஒத்துக்கொள்ளாது, இல்லையென்றால் கூடுதல் கூலி கேட்கும். இது ஏஜென்ட்டுக்கு முதல் நாளே தெரியும். என் மெயிலில் நான்கு கலர் என்று தெளிவாக எழுதியிருந்தும் வாய் திறக்கவில்லை. அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாது என்றதால், 1200 பீஸையும் மெரூன் கலரிலேயே எடுத்துக்கொண்டேன்.

நாள் கணக்கிலும் அதே கதைதான். பணம் கட்டிய நாளிலிருந்து 45 நாள் என்று நான் நினைத்திருந்தேன். நிறம் பார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு எனக்கு வந்து, நிறம் சரியில்லாமல் திரும்பிப் போய், மறுபடி வந்து, அப்புறம் மாதிரிச் சட்டைக்கு நான் சரி சொன்னது ஆகஸ்ட் 14. அன்றிலிருந்துதான் எண்ணுவோம் என்றார். அதுவும் சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் நாள் வரைக்கும்தான். தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் கப்பல் மாறி, கிள்ளான் வந்து, கஸ்டம்ஸ் முடிந்து கடைக்குள் பெட்டி இறங்கியது நவம்பர் 4. தீபாவளி அக்டோபர் 31.

எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எதற்கு, எதிலிருந்து என்று சொல்லாத பதில் வந்தால் பணத்தை அனுப்பாதீர்கள். ஆயிரம் என்பது மொத்தத்துக்கா, ஒரு டிசைனுக்கா, ஒரு கலருக்கா? நாள் எண்ணுவது அட்வான்ஸிலிருந்தா, சாம்பிள் ஓகே ஆனதிலிருந்தா? முடிவது ஃபேக்டரி வாசலிலா, கப்பலிலா? இதையெல்லாம் புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே எழுதி வாங்குங்கள். கப்பலேற்ற வேண்டிய கடைசித் தேதியும், அது தவறினால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'ஓகே சார்' என்று வருவதை நம்ப வேண்டாம்.

இந்த வருடம் வேறொரு ஏஜென்ட்டிடம் இதே கேள்விகளைக் கேட்டேன். 'புதுக் கலர் என்றால் ஆயிரம், சாயம் போட்டு ஸ்டாக்கில் இருக்கும் துணி என்றால் முந்நூறே போதும், கலர் கார்டு அனுப்புகிறேன்' என்றார். முதல் ஆளும் அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.