கோவில்பட்டி கடலைமிட்டாய்: மாட்டுங்காவா, தாராவியா, கூரியரா?

அண்ணாச்சி, வணக்கம். மும்பை செம்பூர்லருந்து எழுதுறேன். உங்க கடலைமிட்டாய் இங்க எந்தக் கடைக்கு நேரா வருதுன்னு தெரிஞ்சுக்கணும், நான் பாத்த வரைக்கும் மூணு வழி இருக்கு, மூணையும் சொல்லிடுறேன்.

மாட்டுங்கால நம்மூர் சாமான் விக்கிற பெரிய கடையில எப்பவும் ஸ்டாக் இருக்கும், பாக்கெட்டும் பளபளன்னு இருக்கும். ஆனா 2020ல புவிசார் குறியீடு கெடச்சதுக்கப்புறமும் எல்லா பாக்கெட்லயும் கோவில்பட்டின்னு பேர் போட்டிருக்கு, திருப்பிப் பாத்தா தயாரிச்சவங்க விலாசம் வேற ஊரு. சிலதுல பேக் பண்ணவங்க பேர் மட்டும்தான் இருக்கு, செஞ்சது யாருன்னே தெரியல. உங்க பேர் போட்ட பாக்கெட் கெடச்சாலும் பேக்கிங் தேதி ரொம்பப் பழசு. உள்ள கடலையில லேசா சிக்கு வாடை, வாயில போட்டா கடைசில ஒரு கசப்பு. வெல்லம் நல்லா இருந்தும் கடலையோட எண்ணெய் கெட்டுப்போனா அப்படித்தான் ஆகும்.

தாராவில ஒரு சின்ன மளிகைக்கடை, நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் நடத்துறாரு. அங்க பாட்டில்ல போட்டு சில்லறையா விப்பாங்க, லேபிள் கிடையாது, ஆனா சரக்கு நிக்காது, வந்த வேகத்துல தீந்துடும். அதனால குளிர்காலத்துல அங்க வாங்குனா டக்குனு உடையுது, மேல தேங்காய்ப்பூ கூட காய்ஞ்சு உதிரியா இருக்கு. ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் அங்க வாங்கவே கூடாது, பாட்டில திறந்து திறந்து மூடுறதுல வெல்லம் மழைக்காத்தோட ஈரத்தை இழுத்து பிசுபிசுன்னு ஒட்டிக்கும், பல்லுல இழுக்கும்.

உங்ககிட்டருந்து கூரியர்ல நேரா வாங்குறது ருசிக்கு இதுதான் ஒசத்தி, பேக்கிங் தேதி புதுசா இருக்கும். ஆனா ஒரு கிலோவுக்கு கூரியர் காசு கட்டுப்படியாகாது, வழியில நொறுங்கவும் செய்யும். எங்க பில்டிங்ல நாலஞ்சு வீடு சேந்து மொத்தமா வாங்குனா செலவு பிரிஞ்சிடும், கனமான அட்டைப்பெட்டில இடுக்கு இல்லாம அடுக்கி அனுப்புனா உடையறதும் கம்மியாகும்.

என் கணக்குல கடையோட பெரிய பேரை விட சரக்கு எவ்வளவு சீக்கிரம் ஓடுதுங்கறதுதான் முக்கியம். அதனால மழைக்காலத்துக்கு கூரியர், மத்த மாசத்துக்கு தாராவிக் கடைன்னு வச்சுக்கலாம்னு நெனைக்கேன், ஆனா அந்தக் கடைச் சரக்கு உங்களுதுதானான்னு எனக்கு உறுதியாத் தெரியணும்.

அதனால கேக்குறேன், மும்பைல நீங்க நேரா பில் போட்டு அனுப்புற கடை எது, மாசத்துக்கு எத்தனை தடவை அனுப்புறீங்க? நடுவுல ஏஜெண்ட் இருந்தா அவர் யார் யாருக்குக் குடுக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க. தாராவிக் கடைக்கு இதுவரைக்கும் அனுப்பலைன்னா, சின்ன பாக்கெட்டா சீல் போட்டு ஒரு பெட்டி அனுப்பிப் பாருங்க, கடைக்காரர்கிட்ட நான் பேசுறேன்.